எந்த மொழியில் சப்டைட்டில் போடுவது? நாட்டையும் வயதையும் சேர்த்துப் படிக்கும் முறை: மலையகச் சமையல் சனல்களுக்கான முழு வழிகாட்டி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் லீக்ஸ் வறையும் செய்து காட்டும் ஒரு யூடியூப் சனலின் நாட்டுப் பட்டியலைத் திறந்தால், இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், சவூதி, பிரித்தானியா, கனடா, பிரான்ஸ் என்று வரிசையாக வரும். உடனே சிங்களம், ஹிந்தி, அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு என்று ஐந்து மொழிகளில் சப்டைட்டில் போடத் தோன்றும். அந்த முடிவு பெரும்பாலும் பிழையாகத்தான் போகும். நாட்டுப் பட்டியல் சொல்வது, பார்ப்பவரின் போன் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை மட்டுமே. அதை வைத்திருப்பவருக்கு எந்த மொழி வாசிக்க வரும் என்பதை அது சொல்வதில்லை. துபாயில் வேலை செய்யும் மஸ்கெலியாக்காரருக்கு அரபுச் சப்டைட்டில் எதற்கு?

நாட்டோடு வயதைச் சேர்த்துப் பார்த்தால் மொழி ஓரளவு தெரியத் தொடங்கும். லண்டனில் 50 வயது அம்மாவும் அவருடைய 20 வயது மகளும் ஒரே நாட்டுக் கணக்கில்தான் வருகிறார்கள். அம்மா தமிழ் வாசிப்பார். மகளுக்குப் பேச்சுத் தமிழ் பாதி விளங்கும், எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். இந்த இருவரையும் புள்ளிவிவரத்தில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதே இந்த வழிகாட்டியின் விடயம்.

எண்களை எடுக்கும் விதம்

இதைப் போனில் செய்ய வேண்டாம், கணினியில் செய்யுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் `Analytics` பக்கத்துக்குப் போய் `Advanced mode` ஐத் திறவுங்கள். வலது மேல் மூலையில் காலத்தை 28 நாளில் இருந்து 90 நாளுக்கு மாற்றுங்கள். தீபாவளிப் பலகாரமோ சித்திரைப் புத்தாண்டுப் பலகாரமோ ஓடிய ஒரு மாதத்தை மட்டும் எடுத்தால், அந்த ஒரு வீடியோவின் கூட்டமே முழுச் சனலின் கூட்டம் போலத் தெரியும். 90 நாளுக்குள்ளும் ஒரே வீடியோ பாதி நேரத்தை விழுங்கியிருந்தால் காலத்தை 365 நாளாக்குங்கள்.

அடுத்து `Content type` வடிகட்டியில் `Videos` ஐ மட்டும் வையுங்கள். ஷோர்ட்ஸைச் சேர்த்தால் கணக்குக் கெட்டுவிடும். 40 செக்கன் ஷோர்ட்ஸைப் பார்த்துத் தள்ளிவிட்டுப் போனவரும், 12 நிமிட வீடியோவில் அளவு குறித்துக்கொண்டவரும் ஒரே வகைப் பார்வையாளர் அல்ல. சப்டைட்டில் தேவைப்படுவது இரண்டாமவருக்கே.

இப்போது `Geography` ஐத் திறந்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் `Watch time (hours)`, `Views`, `Average view duration` மூன்றும் வரும். மேலே உள்ள பதிவிறக்கக் குறியை அழுத்தி கூகிள் ஷீட்டுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். முதல் ஆறேழு நாடுகள் போதும்.

பிறகுதான் முக்கிய வேலை. முதல் நாட்டை வடிகட்டியாக வைத்துவிட்டு `Viewer age` க்குப் போங்கள். 13–17, 18–24, 25–34, 35–44, 45–54, 55–64, 65+ என்று ஏழு வயதுக் குழுக்கள் வரும். இங்கே மணித்தியாலம் வராது, சதவீதம்தான் வரும். ஒவ்வொரு குழுவுக்கும் பார்வைகளில் எத்தனை சதவீதம், பார்வை நேரத்தில் எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நாட்டுக்கும் இதையே செய்யுங்கள். ஆறு நாட்டுக்கு அரை மணித்தியால வேலைதான்.

ஷீட்டில் A நாடு, B அந்த நாட்டின் மொத்த மணித்தியாலம், C வயதுக் குழுவின் பார்வைச் சதவீதம், D அதன் நேரச் சதவீதம் என்று வைத்தால், அடுத்த இரண்டு நிரல்களுக்கும் இந்தச் சூத்திரங்கள் போதும்:

```
E2:  =B2*D2/100
F2:  =D2-C2
```

E அந்த நாட்டில் அந்த வயதினர் பார்த்த மணித்தியாலம். F தான் இந்த முறையின் உயிர். 18–24 வயதினர் பார்வைகளில் 25 சதவீதம் இருந்தும் நேரத்தில் 15 சதவீதம்தான் என்றால், F இல் −10 வரும். வந்து திறந்தார்கள், ஆனால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் போய்விட்டார்கள் என்று அர்த்தம். நேரத்தை மட்டும் பார்ப்பவர் இந்தக் குழுவைச் சின்னக் குழு என்று ஒதுக்கிவிடுவார். மொழி விளங்காமல் போனவர்கள் நேரக் கணக்கில் எப்போதும் சிறிதாகவே தெரிவார்கள், ஏனென்றால் விளங்காதவர் இருந்து பார்ப்பதில்லை.

வயதுக் கணக்கை எவ்வளவு நம்பலாம்

வயது விவரம், கணக்குக்குள் நுழைந்து பார்ப்பவர்களிடம் இருந்து மட்டும் வருகிறது. கணக்கில் எந்தப் பிறந்த திகதி இருக்கிறதோ அதுதான் வயது. வீட்டில் ஒரு போன் மட்டும் இருந்து, அது மகனின் கணக்கில் திறந்திருந்தால், அம்மா சமையல் பார்த்தாலும் 18–24 என்றுதான் பதிவாகும். தோட்டப் பகுதி வீடுகளில் இது சாதாரணம். ஆகவே இலங்கைக்கான வயதுக் கணக்கைக் கொஞ்சம் தளர்வாகவே பிடிக்க வேண்டும். ஆளுக்கொரு போன் வைத்திருக்கும் வெளிநாட்டு வீடுகளில் இந்தக் குழப்பம் குறைவு.

இன்னொன்று, பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் யூடியூப் வயது விவரத்தைக் காட்டாமல் மறைத்துவிடும், அல்லது சில குழுக்களை மட்டும் காட்டும். 90 நாளில் 50 மணித்தியாலம்கூட வராத நாட்டின் வயதுப் பிரிவை வைத்து முடிவு எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அங்கே இரண்டு குடும்பங்கள் கூடினாலே சதவீதம் தலைகீழாகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நாங்களே வைத்தவை. 10 நிமிடமளவு நீளமான வீடியோக்கள் போடும் ஒரு மலையகச் சமையல் சனலுக்கு 90 நாளில் 4,000 மணித்தியாலம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை 1,600. இந்தியா 800. வளைகுடா நாடுகள் எல்லாம் சேர்த்து 520. பிரித்தானியா 320. கனடா 300. பிரான்ஸ் 180. மிச்சம் 280 பல நாடுகளுக்குச் சிதறிக் கிடக்கிறது.

முதலில் வளைகுடாவை எடுப்போம், அது இலகு. சராசரிப் பார்வை நேரம் 4 நிமிடம் 40 செக்கன், எல்லா நாடுகளையும்விடக் கூட. வயது பெரும்பாலும் 25–44. வேலைக்குப் போன நம்மவர்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தேடிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இராது. மொழி எங்கும் தடுக்கவில்லை. அரபு வேண்டாம்.

இப்போது கனடா. சராசரி 3 நிமிடம் 15 செக்கன். அதை மட்டும் பார்த்தால் பரவாயில்லை என்றே தோன்றும். வயதைத் திறந்தால் கதை வேறு. 18–34 வயதினர் பார்வைகளில் 58 சதவீதம், நேரத்தில் 44 சதவீதம். F இல் −14. உள்ளே போனால் 18–24 வயதினர் 2 நிமிடம் 5 செக்கனில் போய்விடுகிறார்கள். 35க்கு மேற்பட்டவர்கள் 4 நிமிடம் 15 செக்கன் இருக்கிறார்கள்.

இங்கே அவசரப்பட்டு "மொழிதான் காரணம்" என்று எழுதிவிடக் கூடாது. இளையவர்கள் எந்த வீடியோவிலும் கொஞ்சம் அவசரக்காரர்களாக இருக்கக்கூடும். அதைப் பிரித்தறிய, அதே வயதினரை இலங்கையில் பாருங்கள். நம் கணக்கில் இலங்கையின் 18–34 வயதினர் பார்வைகளில் 46, நேரத்தில் 43. வித்தியாசம் −3 மட்டும். அதே வயது, அதே வீடியோ, ஆனால் தமிழ் வாசிக்கும் நாட்டில் −3, தமிழ் வாசிப்புக் குறைந்த நாட்டில் −14. இந்த 11 புள்ளி இடைவெளியைத்தான் மொழித் தடையின் அடையாளமாக எடுக்கலாம். இலங்கையிலும் −12 வந்திருந்தால் குறை சப்டைட்டிலில் இல்லை, வீடியோவின் முதல் இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

பிரித்தானியாவிலும் இதே சாயல்தான், 18–34 வயதினரின் பங்கு நேரத்தில் 40 சதவீதம். மணித்தியாலமாக்கினால் கனடாவில் 132, பிரித்தானியாவில் 128, இரண்டும் 260. மொழித் தடையோடேயே 260 மணித்தியாலம் பார்க்கிறார்கள். ஆங்கிலச் சப்டைட்டிலுக்கு இது போதுமான நியாயம்.

பிரான்ஸில் தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்கிறார்கள். எனவே பிரெஞ்சு தேவை என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் பார்த்தால் 18–34 வயதினரின் நேரம் 15 சதவீதம், அதாவது 27 மணித்தியாலம். F இல் −4. பார்ப்பவர்கள் பெரும்பாலும் 35–54 வயதுக்காரர், அவர்களுக்குத் தமிழ் போதும். இப்போதைக்குப் பிரெஞ்சு வேண்டாம், ஆறு மாதம் கழித்து அந்த 27 வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியாவின் 2 நிமிடம் 50 செக்கன்

இந்தியா 800 மணித்தியாலம் தருகிறது, ஆனால் சராசரி 2 நிமிடம் 50 செக்கன்தான். வயதைத் திறந்தால் எல்லாக் குழுவிலும் F பூச்சியத்துக்குக் கிட்டவே நிற்கிறது. அதாவது இளையவர், முதியவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் சமமாகச் சீக்கிரம் போகிறார்கள். இது கனடாவின் அடையாளம் அல்ல. `Cities` இல் சென்னையும் கோயம்புத்தூரும் முன்னுக்கு நின்றால், பார்ப்பவர் தமிழர்தான். 1964 ஒப்பந்தத்தின் பிறகு இங்கிருந்து போய் நீலகிரியில் குடியேறிய குடும்பங்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம். அவர்களுக்கு நம் பேச்சு பழக்கமானது, மற்றவர்களுக்கு அல்ல.

போஞ்சி என்றால் அங்கே பலருக்கு விளங்காது, பீன்ஸ் என்றால் விளங்கும். கோவா என்றால் முட்டைகோஸ் என்று தெரியாது. மாசி என்றால் மாதம் என்று நினைப்பார்கள், சிங்களத்தில் உம்பலக்கட என்று சொல்லும் மாசிக்கருவாடு என்று அல்ல. இங்கே தேவை ஹிந்தியும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. தமிழ் வீடியோவுக்குத் தமிழ்ச் சப்டைட்டில், அதில் பொருளின் பெயர் முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் அங்குள்ள பெயர்:

```
14
00:03:12,400 --> 00:03:16,800
கோவாவை (முட்டைகோஸ்) மெல்லிசா அரிஞ்சு
அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறணும்
```

ஒரு திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு 40 எழுத்தளவில் நிறுத்தினால் போன் திரையில் மடியாது. இந்தத் தமிழ்க் கோப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. நேரக் குறியீடு சரியாக அமைந்துவிட்டால், ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் அதே `.srt` ஐக் கொடுத்து வரிகளை மட்டும் மாற்றச் சொல்லலாம். ஆகவே எந்தச் சனலானாலும் தமிழ்தான் முதல் மொழி. அது இல்லாமல் நேரே ஆங்கிலத்துக்குப் போவது இரட்டை வேலை.

சிங்களம்: வயது உதவாத இடம்

இலங்கையின் 1,600 மணித்தியாலத்துக்குள் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்திருக்கிறார்கள். நாடு ஒன்று, வயதும் ஒன்றுபோல, ஆனால் வாசிக்கும் எழுத்து வேறு. இங்கே வயதுப் பிரிவு எதையும் பிரித்துக் காட்டாது. `Cities` இலும் தெளிவு கிடைக்காது. மலையகத்தில் போன் இணையத்தில் பார்ப்பவரும் கொழும்பு என்று பதிவாகக்கூடும்.

பிரித்துக் காட்டுவது தேடிய சொற்கள்தான். இலங்கையை வடிகட்டியாக வைத்து `Traffic source` க்குப் போய் `YouTube search` ஐத் திறவுங்கள். மக்கள் என்ன தட்டச்சுச் செய்து உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியல் வரும். முதல் 50 சொற்களை எடுத்து, சிங்கள எழுத்தில் உள்ளவை, ஆங்கில எழுத்தில் சிங்களமாக எழுதியவை, தமிழ் என்று மூன்றாகப் பிரியுங்கள். `pol roti`, `lunu miris`, `polos curry` போன்றவை இரண்டாவது வகை. ஆனால் `pol sambol` என்று தமிழரும் தேடுவார்கள், அப்படிப்பட்ட பொதுச் சொற்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நம் எடுத்துக்காட்டில் 50இல் 11 சொற்கள் சிங்களம். அவற்றால் வந்தவர்களின் சராசரி 2 நிமிடம் 5 செக்கன். தமிழ்ச் சொற்களால் வந்தவர்கள் 4 நிமிடம் 50 செக்கன். ஒரே தேங்காய் ரொட்டி வீடியோவுக்கு வந்து, ஒரு பகுதியினர் பாதி நேரம்கூட இருக்காமல் போகிறார்கள். சிங்களம் தேவை என்பதற்கு இதுவே சான்று. ஆனால் எல்லா வீடியோவுக்கும் அல்ல. அந்த 11 சொற்கள் எந்த வீடியோக்களுக்குக் கொண்டுவந்தனவோ அவற்றுக்கு மட்டும் போட்டுப் பார்த்தால் போதும். ரொட்டி, சம்பல், பொலொஸ் என்று அது ஐந்தாறு வீடியோவுக்குள் அடங்கும்.

கொமென்ட்டுகளும் துணைக்கு வரும். சிங்களத்தில் யாராவது அளவு கேட்டிருந்தால் அது ஒரு புள்ளியாவது சேர்க்கும். ஆனால் கொமென்ட் எழுதுபவர் மிகச் சிலர், அவர்களை வைத்து மட்டும் முடிவு எடுக்க வேண்டாம்.

முடிவும் வேலை ஒழுங்கும்

இந்தச் சனலுக்கு விடை இப்படி வரும்: எல்லா வீடியோவுக்கும் தமிழ். புதிய வீடியோ எல்லாவற்றுக்கும், பழையவற்றில் பிரித்தானியாவிலும் கனடாவிலும் அதிகம் ஓடிய 15க்கும் ஆங்கிலம். தேடலில் சிங்களச் சொற்கள் கொண்டுவந்த 6 வீடியோவுக்குச் சிங்களம், சோதனையாக. அரபு, ஹிந்தி, பிரெஞ்சு இல்லை. ஐந்து மொழி என்று தொடங்கியது இரண்டரை மொழியில் நிற்கிறது. மிச்சமாகும் உழைப்பை அந்த இரண்டரையும் திருத்தமாகச் செய்யப் போடலாம்.

தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றுவதை நாங்கள் ஏற்பதில்லை, காரணம் நம் சமையல் சொற்களே. கோவா ஒரு கடற்கரை மாநிலமாகலாம். "மா குழைங்க" என்றால் மாம்பழம் வந்து நிற்கலாம். "ஒரு சுண்டு அரிசி" என்பதற்கு எந்த இயந்திரத்திடமும் சரியான அளவை எதிர்பார்க்க முடியாது. சுண்டை உங்கள் வீட்டுத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் கிராமாகவே எழுதுங்கள். சிங்களத்தில் ஹுண்டுவ என்றே போடலாம், அவர்களுக்கு அது வீட்டுச் சொல். கறிவேப்பிலைக்குக் கரபிஞ்ச, ரம்பைக்கு ரம்பெ என்று முப்பது நாற்பது சொற்களுக்கு ஒரு பட்டியல் செய்து மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்தால், ஒரே பொருளுக்கு ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு பெயர் வராது.

ஏற்றும்போது அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: மொழிபெயர்த்தவர் தமிழைப் பாமினியிலோ, சிங்களத்தை எஃப்.எம். அபயவிலோ தட்டச்சுச் செய்து அனுப்பிவிடுவார். அவருடைய கணினியில் அழகாக இருக்கும். யூடியூப்பில் ஏற்றினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக அர்த்தமில்லாமல் ஓடும். யுனிகோட்டில் தரச் சொல்லுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது `Encoding` இல் `UTF-8` ஐத் தெரிவு செய்யுங்கள். எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிகள் வந்தால் இந்த இரண்டாவது படி தவறியிருக்கிறது.

ஸ்டூடியோவில் `Subtitles` க்குப் போய், வீடியோவைத் தெரிவு செய்து, `Add language` இல் மொழியைச் சேர்த்து, `Upload file` இல் `With timing` ஐத் தெரிவு செய்து `.srt` ஐ ஏற்றுங்கள். `Auto-sync` வீடியோவில் பேசும் மொழிக்குத்தான் வேலை செய்யும், ஆகவே சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உதவாது. அதே பக்கத்தில் தலைப்பையும் விவரத்தையும் அந்த மொழியில் எழுத ஒரு நிரல் உண்டு. அதை வெறுமையாக விடாதீர்கள். சிங்களத்தில் தேடியவருக்கு முதலில் கண்ணில் படுவது தலைப்புத்தான், சப்டைட்டில் உள்ளே வந்த பிறகுதான்.

போட்ட பிறகு எதைப் பார்ப்பது

`Advanced mode` இல் `Subtitles and CC` என்ற பிரிவு, எந்த மொழிச் சப்டைட்டிலோடு எத்தனை மணித்தியாலம் பார்த்தார்கள் என்று காட்டும். "சப்டைட்டில் இல்லாமல்" என்ற வரிதான் எப்போதும் மேலே நிற்கும், அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். வீடியோவிலேயே எரித்துப் பதித்த எழுத்துகள் இந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். எரித்துப் பதித்தவர் பயன் எவ்வளவு என்று இங்கே அளக்க முடியாது.

சரியான அளவுகோல் முதலில் பார்த்த அதே எண்கள். ஆங்கிலம் போட்டு 90 நாள் கழித்து, கனடாவின் 18–34 வயதினரின் F −14இல் இருந்து எங்கே வந்திருக்கிறது? −8 ஆனால் பலித்திருக்கிறது. −13 என்றால் அவர்கள் போனது மொழியால் அல்லாமலும் இருக்கலாம். சிங்களம் போட்ட 6 வீடியோவில், சிங்களச் சொற்களால் வந்தவர்களின் 2 நிமிடம் 5 செக்கன் 3 நிமிடத்தைத் தாண்டியிருக்கிறதா? அதோடு, சிங்களம் போடாத வீடியோக்களில் அதே வகைப் பார்வையாளரின் நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சமமாக ஏறியிருந்தால் அது சப்டைட்டிலின் வேலை அல்ல, சனலே வளர்ந்திருக்கிறது.

எண் அசையவில்லை என்றால் மொழியை நீக்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள். பல போன்களில் சப்டைட்டில் தானாகத் திறக்காது, பார்ப்பவர்தான் `CC` ஐத் தட்ட வேண்டும். வீடியோவின் முதல் 20 செக்கனுக்குள், "சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் இருக்கு" என்ற வரியை அந்தந்த மொழியில் திரையில் காட்டுங்கள். அதன் பிறகும் 90 நாள் விட்டு, மறுபடி அளந்த பின்னரே நீக்குவதா வைப்பதா என்று தீர்மானியுங்கள்.